கணையச் செல்லுக்குள் புரதம் போகும் வழி: ஓர் அட்டவணை, ஐந்து கேள்விகள்

இம்முறை பினாங்குத் தீவிலிருந்தும் பட்டர்வொர்த் பக்கமிருந்தும் படிவம் 6 மாணவர்கள் அனுப்பிய கேள்விகள் எல்லாமே ஒரே தரவு வினாவைப் பற்றியவை. ஜேமிசனும் பலாடேயும் 1967-இல் வெளியிட்ட சோதனை அது. கினிப்பன்றிக் கணையத்தின் மெல்லிய துண்டுகளை கதிரியக்க ஹைட்ரஜனான ட்ரிட்டியம் ஏற்றிய லியூசின் என்ற அமினோ அமிலக் கரைசலில் 3 நிமிடம் வைத்தார்கள், இது பல்ஸ். பிறகு சாதாரண லியூசின் மிகுந்த கரைசலுக்கு மாற்றினார்கள், இது சேஸ். குறித்த நேரங்களில் ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பதப்படுத்தி, மிக மெல்லிய சீவல்களாக்கி, மேலே படப்பூச்சு தடவி, வாரக்கணக்கில் இருட்டில் வைத்தார்கள். கதிர் பட்ட இடத்தில் வெள்ளி மணி கறுப்பாகத் தெரியும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எந்த உறுப்பின் மேல் எத்தனை மணி என்று எண்ணினால் கீழுள்ள விழுக்காடுகள் கிடைக்கும். முழு எண்ணாக்கியிருக்கிறேன். உட்கரு, மைட்டோகாண்ட்ரியா வரிகளை விட்டுவிட்டேன்.

| உறுப்பு | பல்ஸ் முடிவு | +7 நிமி. | +17 | +37 | +57 | +117 |
|---|---|---|---|---|---|---|
| சொரசொரப்பான எண்டோபிளாச வலை | 86 | 44 | 38 | 24 | 16 | 20 |
| கோல்கை ஓரக் குமிழ்கள் | 3 | 43 | 38 | 15 | 11 | 4 |
| செறிவாக்கும் குமிழ்கள் | 1 | 4 | 20 | 49 | 36 | 8 |
| சைமோஜன் துகள்கள் | 3 | 5 | 3 | 11 | 33 | 59 |
| நாளத் துவாரம் | 0 | 0 | 0 | 0 | 3 | 7 |

உச்சம் எந்த வரிசையில் வருகிறதோ அதுதான் வழி என்று எழுதினால் போதுமா? ஆசிரியர் பாதி மதிப்பெண்தான் கொடுத்தார்.

உங்கள் ஆசிரியர் செய்தது சரி. உச்சங்களின் வரிசையை மட்டும் சொன்னால், வலையிலிருந்து கோல்கைக்கு ஒரு பாதையும் துகள்களுக்கு வேறொரு மெதுவான பாதையும் தனித்தனியாகப் போகலாமே என்ற கேள்வி நிற்கும். அதை அடைக்க இரண்டு இடங்களைக் காட்டுங்கள்.

முதலாவது, +7 நிமிட நெடுவரிசை. கோல்கை 43-க்கு ஏறிவிட்டது. செறிவாக்கும் குமிழ்கள் இன்னும் 4-இல்தான். வலையிலிருந்து அங்கே நேர்வழி இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே ஏறத் தொடங்கியிருக்கும்.

இரண்டாவது, +17-க்கும் +37-க்கும் நடுவே கூட்டல் கழித்தல் போட்டுப் பாருங்கள். கோல்கை 23 இழக்கிறது, வலை 14 இழக்கிறது, மொத்தம் 37. அதே நேரத்தில் செறிவாக்கும் குமிழ்கள் 29 பெறுகின்றன, துகள்கள் 8 பெறுகின்றன, அதுவும் 37. ஓரிடத்தில் குறைந்தது அடுத்த இடத்தில் ஏறுகிறது. +57-லிருந்து +117-க்குள் செறிவாக்கும் குமிழ்கள் 28 இழக்க, துகள்கள் 26 பெறுவதும் இதே கதைதான். கணக்கு இவ்வளவு கச்சிதமாக ஒத்துப்போவதில் முழு எண்ணாக்கியதன் பங்கும் கொஞ்சம் உண்டு. தசமத்தோடு போட்டால் ஓரிரண்டு தள்ளிப்போகும்.

கடைசியில் வலையில் 16 என்பது 20 ஆகிறதே. புரதம் திரும்பி வருகிறதா?

இந்த அட்டவணையில் எனக்கு மிகப் பிடித்த எண்கள் இவை இரண்டும். திரும்பி வருகிறது என்று எழுதிவிடாதீர்கள்.

முதலில், இது எண்ணிக்கைப் பிழையாக இருக்குமா என்று பார்ப்போம். ஒவ்வொரு நேரத்திலும் ஏறத்தாழ 1000 மணிகள் எண்ணியதாக வைத்துக்கொண்டால், 16 விழுக்காட்டின் திட்டப்பிழை √(0.16 × 0.84 ÷ 1000), அதாவது சுமார் 1.2. இருபதுக்கு 1.3 வரும். இரண்டின் வேறுபாட்டுக்குத் திட்டப்பிழை சுமார் 1.7. நமக்குத் தெரியும் வேறுபாடு 4. இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. எண்ணிக்கைத் தடுமாற்றம் என்று மட்டும் சொல்லி ஒதுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு நெடுவரிசையும் வேறு துண்டு, வேறு செல்கள் என்பதை மறக்கக் கூடாது. பதப்படுத்திய செல் செத்த செல். அதையே அடுத்த நேரத்தில் மறுபடி பார்க்க முடியாது. துண்டுக்குத் துண்டு உள்ள வேறுபாடு இந்தக் கணக்கில் சேரவில்லை.

அடுத்து விழுக்காட்டின் தந்திரம். ஓர் உறுப்பின் மணி எண்ணிக்கை மாறாமல் இருந்து மொத்தம் குறைந்தாலும் விழுக்காடு ஏறும். 100 மணிகளில் 16 வலையில் இருக்கின்றன. சுரப்பு நாளத்துக்குள் போய் வெளியேறியதால் மொத்தம் 80 ஆகிவிட்டால், அசையாத அதே 16 இப்போது 20 விழுக்காடு. நாளத் துவாரம் 3, 7 என்று ஏறுவதால் வெளியேற்றம் தொடங்கிவிட்டது என்பது அட்டவணையிலேயே தெரிகிறது.

அந்த 16 ஏன் போகவில்லை? செல் செய்வதெல்லாம் ஏற்றுமதிச் சரக்கு அல்ல. வலையின் சொந்தப் புரதங்களும் லியூசின் எடுத்துக்கொள்ளும். அவை அங்கேயே தங்கும்.

சேஸ் தொடங்கியதும் புரத உற்பத்தி நின்றுவிடுமா?

நிற்காது. பட்டர்வொர்த் பெரி முனையில் 3 நிமிடம் மட்டும் வருகிறவர்கள் கையில் சிவப்பு முத்திரை குத்திவிட்டு நிறுத்துங்கள். ஆட்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். முத்திரையோடு யாரும் வர மாட்டார்கள். சாதாரண லியூசினைக் கொட்டுவதன் வேலை இதுதான்: செல்லில் மிஞ்சிய கதிர் லியூசினை நீர்க்கச் செய்து, புதிய புரதத்தில் அது ஏறாதபடி செய்வது.

பின்னாலிருந்து வரும் புதிய புரதம்தான் முன்னதைத் தள்ளுகிறதா என்பது நல்ல துணைக்கேள்வி. 1968-இல் அதே இருவர் சைக்ளோஹெக்சிமைடு கொடுத்து உற்பத்தியை அடக்கினார்கள். முத்திரையிட்ட புரதம் பயணத்தைத் தொடர்ந்தது. மாறாக, செல்லின் சுவாசத்தைத் தடுத்தபோது வலையிலிருந்து புறப்படுவதே நின்றுபோனது. தள்ளுவிசை இல்லை, ஆற்றல் வேண்டும்.

நேரம் ஆக ஆகக் கதிரியக்கம் சிதைந்து குறைவதால்தான் வலையில் மணிகள் குறைகின்றனவா?

இல்லை. ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு, இரண்டு மணி நேரத்தில் அது குறைவது கணக்கிலேயே வராது. ட்ரிட்டியத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் வேறு: அதன் பீட்டா துகள் மிகவும் வலுவற்றது, தூரம் போகாது, அதனால் மணி மூலத்துக்கு அருகிலேயே விழுகிறது. கார்பன்-14 வைத்தால் துகள் இன்னும் தூரம் ஓடி, மணிகள் பக்கத்து உறுப்புகளின் மேல் சிதறிவிடும். ட்ரிட்டியத்திலும் கொஞ்சம் விலகல் உண்டு, சிறு குமிழைவிடப் பெரிய விலகல். ஆகவே ‘கோல்கை ஓரக் குமிழ்கள்’ என்ற வரியை அந்த வட்டாரம் என்று படியுங்கள். ஒரு தனிக் குமிழின் மேல் விழுந்த மணி என்று படிக்காதீர்கள்.

வலையிலிருந்து கோல்கைக்கு 7 நிமிடம் என்று எழுதலாமா? பல்ஸை 30 நிமிடமாக நீட்டினால் என்ன ஆகும்?

‘7 நிமிடத்துக்குள் ஏறத்தாழ பாதி’ என்று எழுதுங்கள். எடுத்த துண்டுகளில் 0-வுக்கும் 7-க்கும் இடையே எதுவும் இல்லை. கோல்கையின் உச்சம் 5-ஆவது நிமிடத்திலா 10-ஆவது நிமிடத்திலா என்று இதை வைத்துச் சொல்ல வழியில்லை. நேரம் பல்ஸ் முடிந்த கணத்திலிருந்து எண்ணப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். முதலில் முத்திரை வாங்கிய புரதத்துக்கு +7 என்பது உண்மையில் 10.

முப்பது நிமிடம் நீட்டினால், கடைசிப் புரதம் வலையில் பிறக்கும்போது முதல் புரதம் செறிவாக்கும் குமிழ் வரை போயிருக்கும். சேஸ் தொடங்கும் முன்பே மூன்று உறுப்புகளிலும் மணிகள் இருக்கும். மேலே நாம் போட்ட கூட்டல் கழித்தலில் எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்கவே முடியாது.