தனுஷ்கோடியை எழுதும்போது: பயண நூல் குறித்த கேள்வி பதில்

ராமேஸ்வரம் பற்றி நாற்பது பக்கம் எழுதிவிட்டேன். படித்த நண்பர் டைரி மாதிரி இருக்கிறது என்கிறார். எதை வெட்டுவது?

நீங்கள் அனுப்பிய பக்கத்திலிருந்தே பார்ப்போம். "ஐந்தரைக்கு எழுந்து காபி குடித்தோம். சாமி கும்பிட்டோம். பதினொரு மணிக்குத் தனுஷ்கோடி போனோம். வெயில் தாங்காமல் திரும்பினோம்." இதெல்லாம் உங்கள் கடிகாரம் போட்ட வரிசை. உங்கள் அனுபவத்தில் எது வாசகரின் திட்டத்தை மாற்றும்? வெயில் மட்டும்தான். அப்படியானால் அங்கேயே தொடங்கலாம்:

"தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் ஒதுங்க நிழல் தேடி அலுத்தோம். நான்கு பேருக்கு இருந்தது ஒரே துண்டு. அதைத் தலை மாற்றித் தலை போட்டுக்கொண்டு, இடிந்த தேவாலயத்தில்கூட இறங்காமல் திரும்பினோம். எட்டு மணிக்குள் போய்விடுங்கள்."

காபி போயிற்று. துண்டை மட்டும் வைத்தேன், வெயில் எப்படி இருந்தது என்பதை அது சொல்லிவிடுகிறது.

தகவலையெல்லாம் கடைசியில் பெட்டி கட்டிப் போட்டுவிட்டால் கதை சுத்தமாகிவிடுமே?

பாதி சரி. பஸ் நேரம், கட்டணம் எல்லாம் பின்னால் போகட்டும், எந்த மாதம் சரிபார்த்தது என்ற குறிப்போடு. ஆனால் எட்டு மணி யோசனையையும் பெட்டிக்குள் தள்ளினால் அந்தத் துண்டு வெறும் புலம்பலாகிவிடும்.

மாறக்கூடியதைக் கதைக்குள் நிகழ்காலத்தில் எழுதுவதுதான் ஆபத்து. 2017-இல் தார்ச்சாலை திறக்கும்வரை முனைக்கு மணலில் வேனில்தான் போகவேண்டும். அப்போது "வேன்காரரிடம் பேரம் பேசுங்கள்" என்று எழுதிய வரி செத்துவிட்டது. "2014-இல் எங்கள் வேன் மணலில் புதைந்தது" என்று எழுதியிருந்தால் இன்றும் படிக்கலாம். ரயிலும் அப்படித்தான். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றது, 2025 ஏப்ரலில்தான் புதிய பாலம் வந்தது. நடுவில் "ரயிலிலேயே கடலைக் கடந்து வாருங்கள்" என்ற புத்தகத்தை நம்பியவர் மண்டபத்தில் இறங்கி பஸ் தேடியிருப்பார்.

அடுத்த மாதம் குடும்பத்தோடு போகிறோம். எந்த லாட்ஜ் நல்லது சார்?

சரியான ஆளிடம் கேட்கவில்லை நீங்கள்! நான் தங்கிய அறையில் குழாய்த் தண்ணீர் உப்புக் கரித்தது. இதைப் புத்தகத்தில் வைக்கும்போது லாட்ஜ் பெயரை எடுத்துவிட்டு, "முன்பணம் கொடுக்குமுன் குழாயைத் திறந்து ஒரு வாய் பாருங்கள்" என்று மட்டும் எழுதினேன். உங்களுக்கும் அதே பதில்தான்.

ஒரு மீனவப் பெரியவர் புயலில் அண்ணனை இழந்த கதையைச் சொன்னார். ஆனால் வருஷம் 1963 என்றார். திருத்தலாமா?

அவர் பேச்சைத் தொடாதீர்கள். புயல் 1964 டிசம்பர் 22 இரவு அடித்தது என்பது உங்கள் வரியாக முன்னாலேயே வந்துவிட்டால் போதும், வாசகர் புரிந்துகொள்வார்.

அந்தக் கதை புத்தகத்தில் வரலாம் என்று அவரிடம் சொன்னீர்களா? அப்புறம் இன்னொன்று. அதற்குக் கீழேயே "பார்க்க வேண்டிய நேரம்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இப்படிப்பட்ட கதையை ஒரு நூலில் தனி அத்தியாயமாக்கினேன், இன்னொன்றில் எடுத்தே விட்டேன். எது சரி என்று இன்னும் முடிவாகவில்லை.