ஆறு தட்டு, ஒரு முகம்

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன். குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதியிருக்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டில் தாத்தா, அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, தங்கை ஆறு பேரும் மாந்தோப்பை விற்பதா வேண்டாமா என்று பேசுகிறார்கள். படித்த நண்பர்கள் யாரைக் கவனிப்பதென்றே தெரியவில்லை என்கிறார்கள். எப்படிச் சரிசெய்வது?

பதில்: ஒரே கேள்விக்கு ஆறு பேரும் அபிப்பிராயம் சொன்னால் அது பஞ்சாயத்து மாதிரி ஆகிவிடும். பார்க்கிறவர் கண், பேசுகிறவரைவிட எதையோ மறைக்கிறவரைத்தான் தேடிப் போகும். அதனால் அந்த விவாதத்தையே எடுத்துவிடுங்கள். அண்ணன் ஏற்கெனவே யாருக்கும் தெரியாமல் தோப்புக்கு முன்பணம் வாங்கிவிட்டான் என்று வையுங்கள். களி கிண்டுவதற்கு முன்பே, அவன் மாட்டுக்கொட்டகையில் அந்தப் பணத்தை ஒளிப்பதையும் அண்ணி அதைப் பார்த்துவிடுவதையும் சின்னதாகக் காட்டிவிடுங்கள்.

இனி யார் வாய் திறந்தாலும் நாம் அண்ணன் முகத்தைத்தான் பார்ப்போம். தாத்தா, "மேற்கு வரப்புல நாலு செந்தூரா கன்னு வைக்கணும்டா" என்கிறார். அண்ணனால் உண்மையைச் சொல்ல முடியாமல் போகிறது. அப்பா, "கிளிமூக்குக்கு இந்த வருசமும் வெலை இல்ல" என்று அலுத்துக்கொள்கிறார். இப்போது சொல்லிவிடலாமோ என்று அவனுக்குத் தோன்றுகிறது. வாயெடுக்கிறான். அதற்குள் தங்கை, "சாயந்திரம் பத்திர ஆபீஸ் வாசல்ல உன் வண்டி நின்னுச்சே?" என்கிறாள். அவள் வெள்ளந்தியாகத்தான் கேட்கிறாள். இப்படி ஒவ்வொரு வசனமும் அவனுக்கு ஒரு கதவைத் திறக்கவோ மூடவோ வேண்டும். ரெண்டும் செய்யாத வசனம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள். அண்ணனுக்கு மூன்று வசனம் போதும். அண்ணிக்கு ஒன்றே ஒன்று. அவள் பார்வை போகிற இடத்துக்கு நம் பார்வையும் போகும்.

ஆறு பேரையும் ஒரே நேரத்தில் பேசவிடாதீர்கள். எந்த நிமிடத்திலும் இரண்டு பேர் பேச, மற்றவர்கள் சாப்பிடட்டும். ஒரு ஜோடியிலிருந்து அடுத்த ஜோடிக்குப் பேச்சை அம்மாவின் கை கொண்டுபோகட்டும். தாத்தா தட்டில் களி உருண்டை வைத்துவிட்டு, கீரைக் கடைசலோடு அம்மா அப்பாவிடம் நகரும்போது கேமராவும் கூடவே நகரலாம். எல்லாரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்தால் முகத்துக்கு முகம் பார்க்க முடியாது. தாத்தாவுக்கு நேர் எதிரே அண்ணனை உட்காரவையுங்கள். அந்த இருவருக்கும் நடுவே ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொண்டு, கேமராவைக் கோட்டின் ஒரே பக்கத்தில் வையுங்கள். கோட்டைத் தாண்டினால் யார் யாரைப் பார்க்கிறார் என்பது குழம்பும்.

அப்புறம், நம் மூன்று தலைமுறை வீடுகளில் மட்டும் வருகிற ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் அப்பா தாத்தாவை "அப்பா" என்பார், தங்கையும் "அப்பா" என்று கூப்பிடுவாள். அந்த ஒரு சொல்லே பார்க்கிறவரைச் சில நொடிகள் தடுமாற வைக்கும். தாத்தாவை மகன் "ஐயா" என்று கூப்பிடட்டும். தெலுங்கு பேசும் வீடென்றால் "நைனா" இன்னும் இயல்பாக இருக்கும்.

திருத்தி எழுதியதும் பெயர்களை மறைத்துவிட்டு அதே நண்பர்களிடம் கொடுங்கள். ஒவ்வொரு வசனத்தின் ஓரத்திலும், அதைக் கேட்டு யார் சாப்பிடுவதை நிறுத்துவார் என்று எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் அண்ணன் பெயர் வர வேண்டும். வேறு பெயர் வருகிற இடத்தில்தான் காட்சி கைநழுவியிருக்கிறது. அங்கிருந்து திருத்த ஆரம்பியுங்கள்.