டிராயிங்கை வெளிப் பட்டறைக்குக் கொடுக்குமுன்: கேள்வி பதில்

சுங்கை சிப்புட்டில் சிறுதொழில் நடத்தும் பெண்: அண்ணே, நாங்கள் நாலு பேர் சேர்ந்து செம்பனைத் தோட்டங்களுக்கு உதிரிப்பழம் சலிக்கும் வண்டி செய்கிறோம். சல்லடையையும் ஃபிரேமையும் ஈப்போ பக்கம் ஒரு பட்டறையில் செய்து வாங்கப் போகிறோம். ஆறு தாள் டிராயிங் அனுப்பணும். இணையத்தில் எடுத்த ரகசிய ஒப்பந்தத்தில் "மூன்றாம் நபருக்கு வெளியிடக் கூடாது" என்று இருக்கிறது. அது போதுமா?

போதாது, தங்கச்சி. பட்டறைக்காரர் டிராயிங்கை ஒருவரிடமும் காட்டாமலே உங்கள் வியாபாரத்தைக் கெடுக்கலாம். நீங்கள் 20 சல்லடை கேட்கிறீர்கள், அவர் 25 வெட்டி மீதி 5-ஐப் பக்கத்துத் தோட்டத்துக்கு விற்கிறார் என்று வையுங்கள். வெளியிட்டாரா என்று கேட்டால் இல்லை. உங்கள் ஒப்பந்தம் வெளியிடுவதை மட்டும் தடுக்கிறது, பயன்படுத்துவதைப் பற்றிப் பேசவே இல்லை.

அதனால் முதல் நிபந்தனை இப்படி இருக்கட்டும்: "பட்டறை இந்த டிராயிங்குகளை எங்களுக்கு விலை சொல்லவும், எங்கள் ஆர்டரில் உள்ள எண்ணிக்கையைச் செய்து தரவும் மட்டுமே பயன்படுத்தும். தனக்காகவோ வேறு யாருக்காகவோ இவற்றை வைத்து எதையும் செய்யாது, விற்காது. கூடுதலாக வெட்டியதையும் பழுதானதையும் எங்களிடம் கொடுக்கும் அல்லது எங்கள் கண் முன்னால் நறுக்கிப் போடும்."

"விலை சொல்லவும்" என்பதை விட்டுவிடாதீர்கள். டிராயிங் முதலில் கைமாறுவது விலை கேட்கும்போதுதான். அப்போது ஆர்டர் கிடையாது, பல நேரம் கையெழுத்தும் கிடையாது. விலை கேட்கும் மின்னஞ்சலுக்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள். ஆறு தாளின் எண், திருத்தம், தேதி எல்லாவற்றையும் கடைசிப் பக்கத்தில் எழுதி, "பின்னால் அனுப்பும் திருத்தங்களும் சேரும்" என்று ஒரு வரி போடுங்கள். "எல்லாத் தகவலும் ரகசியம்" என்று பொதுவாக எழுதினால், தகராறு வரும்போது எது ரகசியம் என்பதிலேயே சண்டை தொடங்கும்.

தைப்பிங் வாசகர்: டிராயிங் வரைந்தவருக்குப் பதிப்புரிமை தானாகவே இருக்கிறதே. இந்த ஒப்பந்தம் எதற்கு?

பாதி சரி. 1987 பதிப்புரிமைச் சட்டம் டிராயிங் தாளைக் காக்கும். அதை நகல் எடுத்து விற்றால் நீங்கள் கேட்கலாம். ஆனால் அதே சட்டத்தின் 13ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள். கலைப்படைப்பு அல்லாத ஒரு பொருளின் வடிவத்தை டிராயிங்கில் பார்த்து அந்தப் பொருளைச் செய்வது பதிப்புரிமை மீறல் ஆகாது என்கிறது. சல்லடை வண்டி அப்படிப்பட்ட பொருள்தான். 1996 தொழில் வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யலாமே என்பீர்கள். வேலைக்காக மட்டுமே அப்படி அமைந்த வடிவத்துக்கு அங்கும் இடமில்லை. இந்த ஓட்டையை உங்களுக்கு அடைத்துத் தருவது நீங்கள் எழுதும் அந்த முதல் நிபந்தனைதான்.

பத்து காஜாவில் பட்டறை நடத்துபவர்: நான் எதிர்ப்பக்கத்து ஆள். லேசர் கட்டிங்கை வெளியில்தான் கொடுக்கிறேன், நாகமுலாமும் வெளியில்தான். யாருக்கும் காட்டக் கூடாது என்று எழுதினால் கையெழுத்துப் போட்ட அன்றே நான் மீறியவன். அப்புறம், லேசர்காரர் தகட்டில் துண்டுகளை அடுக்கிய கோப்பு அவர் மெஷின் கணினியிலேயே கிடக்கும். அதை யாரும் கேட்பதே இல்லை.

இவர் சொல்வதை எல்லாரும் கவனிக்கணும். நடக்க முடியாத நிபந்தனையை எழுதினால் பட்டறைக்காரர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார், பிறகு யாரும் அதை மதிக்க மாட்டார்கள். எந்த வேலை எந்தக் கடைக்குப் போகும் என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். அந்தக் கடைக்குத் தேவையான தாள் மட்டும் போகட்டும். சல்லடைத் தகட்டின் டிஎக்ஸ்எஃப் கோப்பு லேசர் கடைக்குப் போதும், முழு வண்டியும் சேர்ந்திருக்கும் தாள் அங்கே எதற்கு? "அவர்கள் செய்யும் தவறுக்குப் பட்டறையே பொறுப்பு" என்றும் ஒரு வரி வேண்டும். ஏனென்றால் லேசர்காரரோடு உங்களுக்கு எந்த ஒப்பந்தமும் இல்லை.

திருப்பித் தரும் நிபந்தனையில் காகிதத்தோடு நிற்காதீர்கள். டிஎக்ஸ்எஃப், அந்த அடுக்குக் கோப்பு, வாட்ஸ்அப்பில் போன படம், வெல்டிங் ஜிக், மாதிரித் துண்டு எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். ஜிக் கையில் இருந்தால் டிராயிங்கே வேண்டாம், அதில் வைத்து எத்தனை ஃபிரேமும் பற்றவைக்கலாம். ஜிக் செய்த காசு யாருடையது என்பதும் அங்கேயே தெளிவாக இருக்கட்டும்.

அதே பட்டறைக்காரர்: ஜிக்கை நான் யோசித்துச் செய்தேன் என்றால்? சல்லடை மடிப்பில் நான் ஒரு முன்னேற்றம் சொன்னேன் என்றால் அது யாருக்குச் சொந்தம்?

காசு கொடுத்தால் ஜிக் அவர்களுக்கு என்று எழுதலாம். உங்கள் யோசனை அப்படி இல்லை. அதைக் காசில்லாமல் எழுதி வாங்கினால் நல்ல பட்டறைகள் யோசனை சொல்வதையே நிறுத்திவிடும் என்பது என் கவலை. அந்த வண்டியில் அவர்கள் பயன்படுத்தலாம், மற்ற வேலைகளில் நீங்களும் பயன்படுத்தலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித்தான் இதை முடிக்கணும்.

கோல கங்சார் வாசகர்: ரெண்டு வருஷத்துக்கு வேறு யாருக்கும் சல்லடை வண்டியே செய்யக் கூடாது என்று எழுதிவிட்டால் வேலை முடிந்ததே?

எழுதினாலும் நிற்காது. 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, ஒருவரைத் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் அளவுக்கு அந்த ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆகவே அவர் வண்டி செய்வதைத் தடுக்காதீர்கள், உங்கள் டிராயிங்கை வைத்துச் செய்வதைத் தடுங்கள்.

அப்படியானால் உங்கள் டிராயிங்தான் என்று எப்படிக் காட்டுவது? தகட்டின் ஓரத்தில் வேலைக்கு எந்த விதத்திலும் உதவாத ஒரு சிறு துளையைப் போடுங்கள். பட்டறைக்குப் பட்டறை அதன் இடம் சில மில்லிமீட்டர் மாறட்டும், யாருக்கு எந்த இடம் என்று குறித்து வையுங்கள். வேறொரு தோட்டத்தில் நிற்கும் வண்டியிலும் அதே இடத்தில் அந்தத் துளை இருந்தால், தானாக யோசித்துச் செய்தேன் என்று சொல்வது கஷ்டம். ஆனால் வேறொரு பட்டறை நீங்கள் விற்ற வண்டியை வாங்கி டேப் வைத்து அளந்து செய்தால் இந்த ஒப்பந்தம் எட்டாது.

சிம்மோர் வாசகர்: என் வெல்டர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கடைக்குப் போய்விட்டான். அவன் மேல் இந்த ஒப்பந்தத்தை வைத்துப் போகலாமா?

ஐயா, இது இரண்டு நிறுவனங்களுக்கு நடுவில் போடுவது. உங்கள் ஆளோடு உள்ள வேலை ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

தாப்பா வாசகர்: மீறினால் 5 லட்சம் வெள்ளி என்று போட்டால் பயப்படுவார்களே?

தொகையைப் போடலாம், ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆவது பிரிவின்படி அது உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமான ஈட்டைத்தான் கோர்ட் தரும். 2018-இல் முன்பணம் பற்றிய கியூபிக் எலக்ட்ரானிக்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், ஒவ்வொரு தடவையும் உண்மையான நட்டத்தை நிரூபிக்க வேண்டியதில்லை என்றது. நியாயமான தொகையா என்ற கேள்வி அப்போதும் போகவில்லை. ஒரு வண்டியில் உங்களுக்கு 900 வெள்ளி லாபம் என்றால், அனுமதியில்லாமல் செய்த ஒவ்வொரு வண்டிக்கும் அதை ஒட்டிய தொகையைப் போடுங்கள். 5 லட்சத்துக்குக் கணக்குக் கேட்டால் என்ன காட்டுவீர்கள்? முன்பணம் இல்லாத ஒப்பந்தத்தில் இதை எப்படிக் கணக்கிடுவது என்பதில் வழக்கறிஞர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. உங்கள் வழக்கறிஞரை இந்த ஒரு வரியை மட்டுமாவது பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் கேட்ட பெண்: தவுக்கே நல்ல மனுஷர், "நமக்குள்ள பேப்பர் எதுக்கு" என்கிறார். பட்டறைப் பெயர் எண்டர்பிரைஸ் என்று முடிகிறது. யார் கையெழுத்துப் போடணும்?

எண்டர்பிரைஸ் என்றால் சட்டத்தின் கண்ணில் பட்டறை தனி ஆளாகாது, பதிவில் உள்ள உரிமையாளர்தான் ஆள். அவருடைய முழுப் பெயர், அடையாள கார்டு எண், பட்டறைப் பதிவு எண் மூன்றையும் எழுதுங்கள். சென்டிரியான் பெர்ஹாட் ஆக இருந்தால் கம்பெனிப் பெயரில் இயக்குநர் கையெழுத்து. தவுக்கே வாசிக்கும் மொழியில், மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒன்றரைப் பக்கத்துக்குள் எழுதினால் அவரும் முகம் சுளிக்க மாட்டார். கையெழுத்தான 30 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் 10 வெள்ளி முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள். முத்திரை இல்லாத தாளைக் கோர்ட்டில் சாட்சியாக ஏற்க மாட்டார்கள், பிறகு கட்டப் போனால் அபராதமும் சேரும்.