வௌவால் கடித்த மாம்பழமும் காலைக் கள்ளும்: நிபா எப்படித் தொற்றுகிறது, ஏன் ஊரெல்லாம் பரவுவதில்லை

கேள்வி: மூதூரில எங்கட வளவுக்குப் பக்கத்து மரத்தில பழந்தின்னி வௌவால் கூட்டம் தங்குது. அது கடிச்சுப் போட்ட மாம்பழத்தைப் பிள்ளையள் பொறுக்கிச் சாப்பிடுதுகள். வீட்டுக்காரர் விடிய பனங்கள்ளு குடிக்கிறவர். நிபா வருமா? மரத்தை வெட்டச் சொல்லலாமா? வந்தால் கொரோனா மாதிரி ஊரெல்லாம் பரவுமா?

பதில்: இலங்கையில் மனிதருக்கு நிபா வைரஸ் தொற்று வந்ததாக இதுவரை பதிவு இல்லை. ஆனால் பங்களாதேஷில் நிபாவைச் சுமக்கும் பழந்தின்னி வௌவாலும் நம்மூர் வௌவாலும் ஒரே இனம்தான். அதனால் மரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் இரண்டு பழக்கங்களை இன்றே மாற்ற வேண்டும்.

வௌவாலுக்கு இந்த வைரஸால் நோய் வருவதில்லை. கூட்டத்தில் ஏதோ சில, சில காலங்களில் மட்டும், எச்சிலிலும் சிறுநீரிலும் அதை வெளியே விடும். அந்த ஈரம் மனிதரின் வாய்க்குப் போனால் ஆபத்து. பங்களாதேஷில் அதற்கு வழி செய்து கொடுத்தது ஈச்சமரத்துச் சாறு. இரவில் கமெரா வைத்துப் பார்த்தபோது, சீவிய இடத்தை வௌவால்கள் நக்குவதும் முட்டிக்குள் சிறுநீர் விடுவதும் பதிவாகின. விடிந்ததும் அதைப் பச்சையாகக் குடித்தவர்களுக்கு நோய் வந்தது. புளித்துக் கள்ளானால் வைரஸ் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். புளித்த சாறு குடித்தவர்களுக்கும் அங்கே நிபா வந்திருக்கிறது. கள்ளில் உள்ள மதுசாரம் வைரஸைக் கொல்லப் போதாது.

எனவே கள்ளு இறக்குபவரிடம் பேசுங்கள். முட்டியின் வாயை மட்டும் மூடினால் போதாது, வௌவால் பாளையில் சீவிய இடத்தைத்தான் நக்குகிறது. பாளையையும் முட்டியையும் சேர்த்து, மூங்கில் தட்டியாலோ பின்னிய ஓலையாலோ பொழுது படுமுன் சுற்றிக் கட்ட வேண்டும். இடைவெளி இருந்தால் வௌவால் அதற்குள்ளால் புகுந்துவிடும். காலையில் மறைப்பு விலகியிருந்தாலோ, முட்டியில் எச்சம் கிடந்தாலோ அன்றைய கள்ளைக் கீழே ஊற்றிவிடச் சொல்லுங்கள். கருப்பணி என்றால் நன்றாகக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம்.

மாம்பழத்தில் கடித்த இடத்தை வெட்டியெறிந்து மீதியைச் சாப்பிடுவது பிழை. எச்சில் சாற்றோடு உள்ளே இறங்கியிருக்கும். பல்லுப் பட்ட பழத்தைக் கையுறை போட்டு எடுத்துப் புதைத்துவிட்டு, சவர்க்காரத்தால் கை கழுவுங்கள். ஆடு மாடுகளுக்கும் போடாதீர்கள். 1998இல் மலேசியாவில் பன்றிப் பண்ணையை ஒட்டிய பழ மரங்களிலிருந்து விழுந்த எச்சில் பழத்தைப் பன்றிகள் தின்றதாகவே கருதப்படுகிறது. பன்றிகளிடமிருந்து மனிதருக்கு வந்து, அங்கே நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். காயமில்லாத பழத்தைக் கழுவித் தோல் சீவிச் சாப்பிடலாம்.

மரத்தை வெட்ட வேண்டாம். கூட்டம் செத்துப் போகாது, கலைந்து பக்கத்து வளவுகளுக்குப் போகும். இரை குறைந்து வௌவால்கள் நலிந்த காலங்களில் வைரஸை அதிகம் வெளியிடுவதை அவுஸ்திரேலியாவில், நிபாவின் நெருங்கிய உறவான ஹெண்ட்ரா வைரஸில் கண்டிருக்கிறார்கள். கீழே கிடக்கும் வௌவாலை மட்டும் வெறுங்கையால் தொடாதீர்கள். கடித்தால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, விசர்நாய்க்கடி ஊசிக்கு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இனிப் பரவல். ஒரு வைரஸ் மனிதருக்குள் நுழைவது ஒரு திறமை, மனிதரிடமிருந்து வெளியேறுவது வேறு திறமை. கொரோனா மூக்கிலும் தொண்டையிலும் பெருகியது. காய்ச்சல் தொடங்குமுன்னே, ஆள் சந்தைக்குப் போய் வரும்போதே பேச்சிலும் மூச்சிலும் வெளியேறியது. நிபா இரத்தக் குழாய்ச் சுவர்களையும் மூளையையும் தாக்கும். வைரஸ் மிகுதியாக வெளியேறும் வேளையில் நோயாளி எழும்ப முடியாமல் படுத்திருப்பார். அப்போது பக்கத்தில் இருப்பவர் துடைத்துவிடும் மகளும் தாதியும்தான். இருமலும் மூச்சுத்திணறலும் உள்ள நோயாளிகளே அதிகம் தொற்றவைத்தார்கள். மலேசியாவில் அந்த அறிகுறி குறைவு, அங்கே ஆளுக்கு ஆள் தொற்றியதும் மிக அரிது.

பங்களாதேஷில் 2001 முதல் 2014 வரை வந்த 248 நோயாளிகளை ஆராய்ந்ததில், ஒருவர் சராசரியாக 0.33 பேருக்கே தொற்றவைத்தார். அதாவது வௌவாலிடமிருந்து 100 பேருக்கு வந்தால், அவர்களிடமிருந்து 33 பேருக்கு, பிறகு 11, பிறகு 4 பேருக்கு என்று சங்கிலி தானே அறுந்துவிடும். 1ஐத் தாண்டினால்தான் வளரும்; கொரோனா தொடக்கத்தில் 2க்கும் 3க்கும் இடையில் இருந்தது. ஆனால் சராசரியை நம்பி வைத்தியசாலையில் கவனக்குறைவாக இருக்க முடியாது. 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது பெரும்பாலானோருக்குத் தொற்றியது வைத்தியசாலைகளில்தான்.

வீட்டில் யாருக்காவது கடும் காய்ச்சலோடு தலையிடி, மயக்கம், தடுமாற்றம் வந்தால், முந்திய இரண்டு வாரங்களில் கள்ளு, கருப்பணி, எச்சில் பழம் உட்கொண்டதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நிபா பெரும்பாலும் 4 முதல் 14 நாளுக்குள் வெளிப்படும். முகக்கவசமும் கையுறையும் போட்ட ஒருவர் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும். சளியும் வாந்தியும் பட்ட துணியைத் தனியே வைக்கட்டும். நோயாளியின் கோப்பையில் மிஞ்சிய தேத்தண்ணியை யாரும் குடிக்க வேண்டாம்.