பழைய ஐபோன் 13: கேட்கிற விலை நியாயமா? கேள்வி பதில்

செந்தில், திருப்பூர்: சார், ஐபோன் 13, 128 ஜிபி. 27,000 கேட்கிறார். பேட்டரி ஹெல்த் 78%. பெட்டி, கேபிள், சார்ஜர் எல்லாம் இருக்கு. எங்க ஊர்ல நல்ல நிலையில் இருக்கிற செட்டே 27,000தான் போகுது.

அப்படியென்றால் அவர் கேட்பது குறையே இல்லாத செட்டின் விலை. 80-க்குக் கீழே போனாலே பேட்டரியை மாற்றச் சொல்லி போனே எச்சரிக்கும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து, பேட்டரி மாற்ற இன்று என்ன தொகை என்று கேளுங்கள். 7,000 என்றால் 27,000-இல் அதை அப்படியே கழியுங்கள். 20,000-இலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

சார்ஜருக்கு எதுவும் கூட்டித் தர வேண்டாம். 13-இன் பெட்டியில் சார்ஜரே வராது, கேபிள் மட்டும்தான். ஆக அது தனியாக வாங்கியது, டூப்ளிகேட்டாகவும் இருக்கலாம். பெட்டிக்கு வேறு பயன் உண்டு. `*#06#` அடித்தால் வரும் ஐஎம்இஐ, பெட்டி ஸ்டிக்கரில் உள்ளது, சிம் ட்ரேயில் பொடியாக அச்சிட்டிருப்பது, மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ட்ரே மட்டும் வேறாக இருந்தால் ட்ரேயோ பாடியோ மாற்றியிருக்கிறார்கள். காரணம் கேளுங்கள்.

ஒன்று மட்டும்: அவர் தன் ஐகிளவுட் கணக்கிலிருந்து வெளியேறி, உங்கள் கண் முன்னே ரீசெட் செய்து, போன் Hello திரைக்கு வந்த பிறகுதான் பணம்.

கவிதா, மதுரை: நான் பார்த்த 13-ல பேட்டரி 100% காட்டுது. இன்னும் 2,000 கூடக் கொடுக்கலாம்ல?

இத்தனை வருஷம் ஓடிய போனில் 100 என்றால் பேட்டரி மாற்றியது என்று அர்த்தம். எதை மாற்றினார்கள் என்பதுதான் விஷயம். Settings → General → About போங்கள். Parts and Service History என்ற பகுதியே இல்லையென்றால் மாற்றியதாகப் பதிவில்லை. Battery என்பதற்கு எதிரே Genuine Apple Part என்றிருந்தால் தாராளமாகக் கூடக் கொடுங்கள். Unknown Part என்றால் வேண்டாம்.

பதிவே இல்லாமல் 100 காட்டினால்தான் உஷாராக வேண்டும். பழைய பேட்டரியின் சிறு போர்டைக் கழற்றிப் புது செல்லில் ஒட்டி, ஹெல்த் சதவீதத்தையும் திருத்திவிடுகிறார்கள். எச்சரிக்கை எதுவும் வராது. வெளிச்சத்தை முழுதாக வைத்து அரை மணி நேரம் வீடியோ ஓட்டுங்கள். சார்ஜ் படிப்படியாக இறங்காமல் 40-இலிருந்து 25-க்குத் தாவினால் அந்த 100 பொய். போனைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தும் பாருங்கள். திரையின் ஓரம் மெல்லத் தூக்கியிருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம்.

மணி, கோவை: சும்மா பயமுறுத்துறீங்க. கடையில் 2,000 ரூபாய் பேட்டரி போட்டே நல்லா ஓடுது. 7,000 கழிச்சா யார் விப்பாங்க?

ஓடும், மறுக்கவில்லை. நல்ல செல் கிடைத்தால் நாள் முழுக்க வரும். ஆனால் அந்த Unknown Part பதிவு போகாது. நாளை நீங்கள் விற்கும்போது உங்களிடம் வாங்குபவரும் அதைப் பார்ப்பார். திறந்த போனில் தண்ணீர் தடுக்கும் ஒட்டுப் பட்டையைச் சரியாக மாற்றாவிட்டால் அந்தப் பாதுகாப்பும் போச்சு.

மணி, கோவை: மழையில் நனைக்கவா போன் வாங்குறோம்? நான் 2,000தான் கழிப்பேன்.

கழியுங்கள். விற்பவருக்கு உங்கள் கணக்குதான் பிடிக்கும். வாங்குபவராக நான் 7,000-இல் தொடங்குவேன், 4,500-இல் முடிந்தாலும் சண்டை போடமாட்டேன்.

ரஹீம், நாகப்பட்டினம்: மச்சான் அமெரிக்காவிலிருந்து 13 கொண்டு வந்திருக்கார். சிம் போட்டா எடுக்குது. லாக் இல்லைன்னு எடுத்துக்கலாமா?

கூடாது. சிம்மோடு சேர்த்து மெல்லிய சிப் ஒன்றை ட்ரேயில் செருகினால் ஒரே நெட்வொர்க்குக்கு லாக் ஆன போனும் கொஞ்ச நாள் சிக்னல் எடுக்கும். அடுத்த அப்டேட்டில் நின்றுவிடும். ட்ரேயை வெளியே எடுத்துப் பாருங்கள், பிறகு About-இல் Carrier Lock வரியைப் பாருங்கள். No SIM restrictions என்றிருந்தால்தான் முழு விலை. SIM locked என்றால் திறந்துவிட வேண்டியது அங்குள்ள நெட்வொர்க் நிறுவனம். தவணை பாக்கி இருந்தால் திறக்கமாட்டார்கள். மச்சானே அவர்களிடம் பேசித் திறந்து வாங்கித் தரட்டும், அதுவரை விலையே பேசாதீர்கள். அவர் ஐகிளவுட்டிலிருந்தும் வெளியேறிவிட்டுத்தான் அமெரிக்காவுக்குத் திரும்ப வேண்டும்.

சுமதி, சேலம்: எனக்கும் லாக் பிரச்சினைதான். போன் போட்டா நாலு இலக்க நம்பர் கேட்குது.

திரையில் SIM PIN என்றிருந்தால் அது சிம்முக்குப் போட்ட பூட்டு. உங்கள் சிம் நிறுவனத்திடம் அதைத் திறக்கும் PUK எண் கேளுங்கள். விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பிரபு, வேலூர்: டிஸ்ப்ளே மாத்தியிருக்கா எப்படித் தெரியும்? விலை எவ்வளவு குறைக்கணும்?

மேலே சொன்ன அதே About பக்கம்தான், Display என்ற வரி. அதோடு கன்ட்ரோல் சென்டரில் வெளிச்சப் பட்டையை அழுத்திப் பிடித்தால் True Tone பொத்தான் வர வேண்டும். அது காணோம் என்றால் சந்தேகம். இருட்டு அறையில் முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். அசல் ஓஎல்இடி அணைந்தது போல இருக்கும், மலிவான எல்சிடி சாம்பல் நிறத்தில் ஒளிரும். எல்சிடி என்றால் அசல் திரை மாற்றும் தொகையை முழுதும் கழியுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள்.

ஜான், தூத்துக்குடி: பேட்டரி 85% இருந்தா எவ்வளவு குறைக்கலாம்?

செந்திலுக்குச் சொன்னதைப் படியுங்கள். 85-க்கு பேட்டரிச் செலவில் பாதி கேட்டுப் பாருங்கள்.

தினேஷ், ஓசூர்: சாம்சங்குக்கும் இதேதானா?

இல்லை. `*#0*#` அடித்தால் திரை, ஸ்பீக்கர் சோதனைகள் வரும், பேட்டரிக்கு Samsung Members செயலி. மற்றவற்றை சாம்சங் பழுதுபார்ப்பவரிடம் கேளுங்கள்.

லதா, கரூர்: திருட்டுப் போனா இருந்தா?

KYM என்று அடித்து, ஒரு இடம் விட்டு ஐஎம்இஐ எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். கறுப்புப் பட்டியலில் இருப்பதாகப் பதில் வந்தால் பாதி விலைக்கும் வேண்டாம். சரியென்று வந்தாலும், விற்பவர் ஐகிளவுட்டிலிருந்து வெளியேறாமல் பணம் கொடுக்காதீர்கள்.