இரவுக் கணக்கும் நாலாயிரம் வெள்ளிக் கோடும்

கேள்வி: எஸ்.பி.எம். முடித்துவிட்டேன், வீடு சுங்கை சிப்புட் பக்கம். ஹோட்டலில் சேரலாம் என்று இருக்கிறேன். சமையலறையில் சேர்வதா, முன் கவுண்டரில் சேர்வதா? எது ஜெனரல் மேனேஜர் வரைக்கும் கொண்டுபோகும்? நேரம் காலம் இல்லாமல் வேலை வாங்குவார்கள் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள், உண்மையா?

பதில்:

முன் கவுண்டர். சேர்ந்து ஒரு வருடம் ஆனதும் இரவு ஷிப்டை நீயாகவே கேட்டு வாங்கு. நானும் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளைதான், இப்போது ஈப்போவில் 110 அறை உள்ள ஒரு ஹோட்டலில் ஜி.எம். ஆக இருக்கிறேன், வயது 46. கவுண்டரில் சேர்ந்து இந்த நாற்காலிக்கு வர 19 வருடம் ஆனது.

சமையலறையை மட்டமாகச் சொல்லவில்லை. என்னோடு ஒரே வருடம் இந்தத் தொழிலுக்கு வந்த நண்பன் ஒருவன் கொமி என்று சொல்வார்களே, வெங்காயம் உரிக்கிற கடைசிப் படி, அதில் ஆரம்பித்து 36 வயதில் எக்ஸிகியூட்டிவ் செஃப் ஆகிவிட்டான். அப்போது நான் வெறும் டியூட்டி மேனேஜர், அவன் சம்பளம் என்னுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் அவன் அங்கேயே நின்றுவிட்டான். காரணம் திறமை இல்லை. ஹோட்டலுக்கு லாபம் பெரும்பாலும் அறையில் இருந்து வருகிறது. நூறு வெள்ளிக்குச் சாப்பாடு விற்றால் முப்பது முப்பத்தைந்து வெள்ளி பொருளுக்கே போய்விடும், மிச்சத்தில் ஆள் சம்பளம், கேஸ், உடைகிற தட்டு எல்லாம். அறையில் அந்தச் செலவு ரொம்பக் குறைவு. அதனால் முதலாளி ஜி.எம். தேடும்போது அறை விற்கத் தெரிந்த ஆளைத்தான் முதலில் பார்ப்பார். சமையலறையில் இருந்து ஜி.எம். ஆனவர்களும் இருக்கிறார்கள், ஆனால் நான் பார்த்தவரை அவர்கள் நடுவில் வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு உணவு பானப் பிரிவு மேனேஜராகத் தாண்டி வந்தவர்கள். என் நண்பனுக்கும் விருந்து மண்டப மேனேஜராகப் போக ஒரு வாய்ப்பு வந்தது, சம்பளம் 800 வெள்ளி குறையும் என்றார்கள், அவன் மாட்டேன் என்றுவிட்டான். வீட்டுக் கடன் இருந்தது, அவனைக் குறை சொல்ல முடியாது. சமைக்கப் பிடிக்கும் என்றால் சமையலறைக்கே போ, அதுவும் நல்ல வாழ்க்கைதான். நீ ஜி.எம். என்று கேட்டதால் சொல்கிறேன்.

சரி, ஏன் இரவு ஷிப்டு? இரவு 11 முதல் காலை 7 வரை கவுண்டரில் இருப்பவன்தான் நைட் ஆடிட், அதாவது அன்றைய கணக்கைச் சரிபார்த்து முடிக்கிற வேலையைச் செய்வான். பகலில் சாவி கொடுத்து, கார்டு தேய்த்து, திட்டு வாங்கி நேரம் போய்விடும். இரவில்தான் ஹோட்டல் மொத்தமும் காகிதத்தில் உன் முன்னால் கிடக்கும். முதலில் வரவேண்டியவர்களில் யார் வரவில்லை என்று பார்க்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு அறைக்கும் போட்டிருக்கிற விலை, முன்பதிவில் இருக்கிற விலைதானா என்று ஒப்பிட வேண்டும். கார்டு இயந்திரம் காட்டும் தொகையும் கணினியில் உள்ள தொகையும் ஒத்துப்போக வேண்டும். வெளிநாட்டவர் என்றால் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி உண்டு, பகல் ஆள் அவசரத்தில் மலேசியர் என்று தட்டியிருந்தால் அது விடுபட்டிருக்கும், பாஸ்போர்ட் நகலைப் பார்த்துத்தான் பிடிக்க முடியும். எல்லாம் சரியாக வந்தபிறகு, இரண்டு மூன்று மணிவாக்கில், அறை வாடகையை ஏற்றித் தேதியை மாற்றுவார்கள். தேதி மாறியதும் நேற்று பூட்டப்பட்டுவிடும்.

நான் ஒரு தடவை சாப்பாட்டுப் பிரிவு காசாளர் கணக்கை முடிக்காதபோதே தேதியை மாற்றிவிட்டேன். ஒரு கல்யாண விருந்தின் பில் முழுக்க மறுநாள் வருமானத்தில் போய் விழுந்தது. ஷிப்டு முடிந்து மோட்டாரில் வீடு வந்து சேரவில்லை, கணக்குப் பிரிவு மேடம் போன் போட்டுத் திரும்பி வரச் சொல்லிவிட்டார். 30 கிலோமீட்டர். தூக்கக் கலக்கத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்தினேன். அன்றைக்குத்தான் ஒரு நாள் வருமானம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதே எனக்குப் புரிந்தது. எங்கள் அம்மா அப்போது, "நான் இந்த நேரத்துக்குப் பெரட்டுக்குப் போவேன், நீ இந்த நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வர்ற, என்ன வேலைடா இது" என்பார். பால்மரம் சீவிய கை, அவருக்கு நேரத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அந்தக் கணக்கில் ஒன்றை மட்டும் உனக்குக் காட்டுகிறேன். எங்கள் 110 அறையில் ஒரு நாள் 77 அறை 180 வெள்ளிக்குப் போனது என்று வை. 70 விழுக்காடு நிரம்பியிருக்கிறது, வருமானம் 13,860. இன்னொரு நாள் 99 அறையை 140க்குத் தள்ளிவிட்டோம். 90 விழுக்காடு, வராந்தா முழுக்கச் சத்தம், காலைச் சாப்பாட்டுக்கு வரிசை, எல்லாருக்கும் சந்தோஷம். வருமானம் எவ்வளவு? அதே 13,860. இருக்கிற 110 அறைக்கும் வகுத்தால் இரண்டு நாளுமே அறைக்கு 126 வெள்ளி. ஆனால் இரண்டாவது நாள் 22 அறை கூடுதலாகச் சுத்தம் செய்யணும், எங்கள் இடத்தில் ஒருவர் ஒரு ஷிப்டில் 14 அறை செய்வார், ஆக ஒன்றரை ஆள் வேலை. விரிப்பு, துண்டு, சாப்பாடு, மின்சாரம் எல்லாம் சேர்த்து அறைக்கு 35 வெள்ளி என்றால் 770 வெள்ளி போனது. நிரம்பிய ஹோட்டலைப் பார்த்துக் கைதட்டுகிறவன் சூப்பர்வைசராகவே இருப்பான். இந்த 770ஐக் காலைக் கூட்டத்தில் சொல்கிறவன் முதலாளி கண்ணில் படுவான். நான் பட்டது அப்படித்தான்.

இப்போது நேரம். பயமுறுத்துகிறவர்கள் பொய் சொல்லவில்லை. தீபாவளி, பொங்கல், பள்ளி விடுமுறை எல்லாம் உனக்கு வேலை நாள். ஆனால் அந்த நீண்ட நேரம் வலிக்க ஆரம்பிப்பது கவுண்டரில் இல்லை, மேலே ஏறும்போது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

1955 வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான், முன்பு 48. அது சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் பொருந்தும். ஆனால் அதற்கு மேல் செய்கிற வேலைக்கு ஒன்றரை மடங்கு ஓ.டி. கொடுத்தே ஆகவேண்டும் என்கிற உரிமை மாதச் சம்பளம் 4,000 வெள்ளியைத் தாண்டாதவர்களுக்கு மட்டும். தாண்டிவிட்டால் உன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். பொது விடுமுறையில் வேலை செய்தால் கிடைக்கும் கூடுதல் சம்பளமும் அப்படியே.

போன வருடம் எங்கள் கவுண்டர் சூப்பர்வைசர் பெண் ஒருத்திக்குப் பதவி உயர்வு வந்தபோது அவளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அடிப்படைச் சம்பளம் 3,120. அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 120, எட்டால் வகுத்தால் ஒரு மணிக்கு 15, ஓ.டி. என்றால் 22 வெள்ளி 50 காசு. சாதாரண மாதத்தில் 40 மணி நேரம் ஓ.டி. செய்வாள், 900 வெள்ளி, மொத்தம் 4,020. அசிஸ்டண்ட் மேனேஜர் பதவிக்கு நிர்வாகம் போட்ட சம்பளம் 4,200. கேட்கும்போது ஆயிரத்துக்கு மேல் ஏறிய மாதிரி இருக்கும், கையில் வருவது 180 வெள்ளிதான் கூட. பள்ளி விடுமுறை மாதத்தில் 60 மணி நேரம் ஆகும், அப்போது பழைய பதவியில் 4,470 வாங்கியிருப்பாள். ஆக மேனேஜர் ஆனபிறகு அந்த மாதம் 270 வெள்ளி நஷ்டம், வேலையோ அதே 60 மணி நேரம், போதாததற்கு இரவில் போன். "அண்ணே, அப்ப நான் சூப்பர்வைசராவே இருந்துடுறேன்" என்றாள். இருக்கலாம், ஆனால் அங்கேயே இருந்தால் பட்ஜெட் கூட்டத்துக்குள் கால் வைக்கவே முடியாது. அதனால் 4,700 கேள், கூடவே பொது விடுமுறையில் வேலை செய்தால் எத்தனை நாள் மாற்று விடுப்பு, அதை எத்தனை மாதத்துக்குள் எடுக்கலாம் என்பதை எழுத்தில் கேள் என்றேன். 4,600க்கு முடிந்தது. மாற்று விடுப்பு மூன்று மாதத்துக்குள் எடுக்காவிட்டால் காசாக மாறும் என்று எழுதியும் கொடுத்தோம். எழுதிக் கொடுக்க நான் மேலிடத்தில் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருந்தது, ஏனென்றால் நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் எனக்கு 23 நாள் மாற்று விடுப்பு சேர்ந்து, வேலையை விட்ட அன்றைக்கு எல்லாம் காற்றோடு போனது.

அப்படியென்றால் எனக்கு லாபமா? பணத்தில் ஆமாம். என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தாள், ஒரு பரிசளிப்பு விழாவுக்குத்தான் போயிருக்கிறேன், அதிலும் பாதியில் லிஃப்ட்டில் ஆள் மாட்டிக்கொண்டார் என்று போன். வாரத்துக்கு 60 மணி நேரத்துக்குக் கீழே நான் வேலை பார்த்த வாரம் அபூர்வம். இதை ஈடுகட்ட ஒரு வழியும் நான் கண்டுபிடிக்கவில்லை.

உனக்கு இப்போது உடனே வேண்டியது ஒன்றுதான். நேர்முகத்துக்குப் போகும்போது சம்பளத்தோடு சர்வீஸ் பாயிண்ட், அதாவது விருந்தினர் பில்லில் வாங்கும் சர்வீஸ் சார்ஜில் ஊழியருக்குப் பிரித்துக் கொடுக்கும் பங்கு, போன மூன்று மாதம் எவ்வளவு வந்தது என்று கேள், கூட்டமான ஒரு மாதத்தை மட்டும் சொல்லி ஆள் பிடிப்பார்கள். சர்வீஸ் சார்ஜை வைத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக் கூடாது என்று 2021இல் கூட்டரசு நீதிமன்றமே சொல்லிவிட்டது, அதனால் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லச் சொல். அப்புறம், போன மாத டியூட்டி ரோஸ்டரைப் பார்க்கலாமா என்று பணிவாகக் கேள். அதில் ஒரே ஆள் ஓய்வு நாளே இல்லாமல் எட்டு ஒன்பது நாள் தொடர்ந்து வந்திருக்கிறாரா, இரவு 11க்கு முடித்தவர் காலை 7க்குத் திரும்ப வந்திருக்கிறாரா என்று பார். இரண்டும் நிறைய இருந்தால் ஆள் பற்றாக்குறை, நீ அந்த ஓட்டையை அடைக்கப் போகிறாய். காட்டவே மாட்டேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஹோட்டலுக்கு நட, ஈப்போவில் ஹோட்டலுக்குப் பஞ்சம் இல்லை.