முறுக்கு விற்கிறது, வேலையை விடலாமா? கேள்வி பதில்

உட்லண்ட்ஸ் வாசகி: போன தீபாவளிக்கு வீட்டில் முறுக்கு சுட்டு, டப்பா 12 வெள்ளி என்று 80 டப்பா விற்றேன். சாமான், டப்பா எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 4.20 வெள்ளி செலவு. நானும் அம்மாவும் ஆளுக்கு 30 மணி நேரம் வேலை செய்தோம். ஆபீஸ் சம்பளம் 3,500 வெள்ளி. வேலையை விடலாமா?

இப்போது விடாதீர்கள். தீபாவளி நேரத்தில் யார் முறுக்கு சுட்டாலும் விற்கும். வாங்கியவர்களின் பெயர்களை எழுதி, சொந்தக்காரர்களையும் ஆபீஸ் தோழிகளையும் அடித்துவிட்டு மிச்சம் எத்தனை பேர் என்று பாருங்கள். பண்டிகைச் சந்தடி அடங்கிய மார்ச்சிலிருந்து மே வரை, அதே 12 வெள்ளிக்கு விற்றுப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர், நீங்கள் நினைவூட்டாமலே அடுத்த மாதம் மறுபடி கேட்கிறாரா? நான் பார்ப்பது அந்த எண்ணிக்கையை மட்டும்தான். ‘ரொம்ப நல்லாயிருக்கு’ என்று வாட்ஸ்அப்பில் வரும் பாராட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அப்புறம் கணக்குக்கு வருவோம். டப்பாவுக்கு நிற்பது 7.80 வெள்ளி, 80 டப்பாவுக்கு 624. அதை 60 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 10.40 வெள்ளி. அம்மாவின் உழைப்புக்குக் கூலி இல்லை என்று விட்டுவிட்டால் மணிக்குக் கிடைப்பது இரட்டிப்பாகத் தெரியும், ஆனால் அது உண்மை இல்லை. உங்களுக்கு 55 வயதுக்குள் என்றால், சம்பளத்துக்கு மேல் முதலாளி மத்திய சேமநிதிக்குப் போடும் 17 விழுக்காடும் போய்விடும். அது 595 வெள்ளி. ஆக நீங்கள் ஈடுகட்ட வேண்டியது 4,095. அதற்கு மாதம் 525 டப்பா விற்க வேண்டும். இப்போதைய வேகத்தில் அது 394 மணி நேர வேலை, கிட்டத்தட்ட இரண்டு பேரின் முழுநேர உழைப்பு.

அதே வாசகி: ஆள் வைத்துக்கொண்டால்?

அங்கேதான் சிக்கல். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் இப்படி நடத்தும் சிறுதொழிலில் அந்த வீட்டில் குடியிருப்பவர்கள் மட்டுமே வேலை செய்யலாம். வெளியாள் வந்தால் வெளியே சமையலறை வேண்டும், சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் வேண்டும், வாடகை, கூலி எல்லாம் வரும். அந்தச் செலவு ஒவ்வொரு டப்பாவின் 7.80 வெள்ளியில் கைவைக்கும். நீங்கள் வீட்டில் சோதித்தது ஒரு தொழில், வேலையை விட்டுவிட்டு நடத்தப்போவது இன்னொரு தொழில். அதனால் இரண்டு சமையலறைகளிலாவது வாடகை விசாரித்து, அதைச் சேர்த்துக் கணக்கை மறுபடி போடுங்கள். 15 வெள்ளிக்கு விலையை ஏற்றினால் ஆட்கள் நிற்பார்களா என்பதை விற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

பொங்கோல் வாசகர்: தொழில்களைப் பதிவு செய்யும் அக்ராவில் பதிவு செய்யாமல் ஒரு டப்பா விற்றாலும் குற்றம். முதலில் அதைச் சொல்லுங்கள்.

பாதி சரி. அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரிலேயே தனியாக வியாபாரம் செய்பவருக்குப் பதிவு தேவையில்லை. ‘அம்மா முறுக்கு’ என்று பெயர் வைத்தால் தேவை. பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருமானத்தை வரிக் கணக்கில் காட்டியாக வேண்டும். ரசீதுகளை ஐந்து வருடம் வைத்திருங்கள். இவற்றுக்கு முன்னால் உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வெளிவேலைக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று இருந்தால், ஆர்டர் எடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஜூரோங் வாசகர்: நான் எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருக்கிறேன். சனி, ஞாயிறு மட்டும் இட்லி மாவு அரைத்து விற்கலாமா? மனைவி டிபென்டன்ட் பாஸ்.

வேண்டாம். உங்கள் பாஸ் அந்த நிறுவனத்தில் வேலை செய்வதற்கு மட்டும். வார இறுதி என்பதால் சலுகை கிடையாது, மாட்டினால் பாஸே போகும். மனைவி பெயரில் செய்யலாம் என்றும் நினைக்காதீர்கள். டிபென்டன்ட் பாஸில் இருப்பவர் இங்கே வேலை செய்ய 2021 மே மாதத்திலிருந்து தனி வேலை பாஸ் தேவை, சொந்தத் தொழிலுக்கும் நிபந்தனைகள் உண்டு. மனிதவள அமைச்சிடம் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு யோசியுங்கள்.

ஈசூன் வாசகி: எனக்கு மேனேஜரோடு ஒத்துப்போகவில்லை. நானும் கேக் செய்கிறேன். அதனால் விட்டுவிடலாம்தானே?

வேலை பிடிக்கவில்லை என்பது வேறு வேலை தேடுவதற்குக் காரணம். கேக் விற்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டால், முதல் மந்தமான மாதத்திலேயே வாடகைக்குச் சேமிப்பில் கைவைப்பீர்கள். இந்த மாதம் எத்தனை கேக், அதில் பழைய வாடிக்கையாளர் எத்தனை பேர் என்று எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.